ஏழில் நின்ற திருகு

லத்திபா வீட்டுப் பிரிட்ஜ் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்ரீத் முடிந்து, கறியெல்லாம் தீர்ந்து, பெரிய சட்டிகளைக் கழுவிப் பரணில் கவிழ்த்தும் ஆயிற்று. ஆனால் அடுப்படி மூலையில் அந்தப் பெட்டிக்கு மட்டும் பெருநாள் வேலை ஓயவில்லை போலிருக்கிறது. உர்ரென்று முனகிக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் கொஞ்ச நேரம் ஓடும், டக்கென்று நிற்கும், ஓய்வெடுத்துவிட்டு மறுபடி கிளம்பும். அந்த டக் சத்தத்தைக் கேட்டே நாளாகிவிட்டது.

"ஏய் லத்திபா, அடுப்படில என்ன மாவு மில்லா வச்சிருக்க?" என்றார் உசேன். ஓடைப்பட்டித் தோட்டங்களில் திராட்சை எடுத்து மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்கு லோடு அனுப்புகிறவர். லாரிச் சத்தத்தில் பாதிக் காது போன மனிதர். அவருக்கே கேட்டுவிட்டது என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். "கரண்ட் பில்லு வரட்டும், நானும் அதுகூடச் சேந்து முனகுறேன்."

"ரியாசுகிட்டச் சொல்லிருக்கேங்க. இன்னைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னு கெடக்கான்."

"உங்கக்கா மகனா? அவன் அடுத்த பக்ரீத்துக்கு வருவான்."

லத்திபா சிரிக்கவில்லை. அவளுடைய நினைப்பு பில்லில் இல்லை. அன்று காலையில் பிரிட்ஜுக்குள் பார்த்த ஒரு சின்ன பாட்டிலில் இருந்தது.

அந்த பாட்டில் அவர்கள் வீட்டுடையது அல்ல. பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சருடையது. சுவரை ஒட்டிச் சுவர். நடுநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். கணவர் ஆண்டனி ராஜ் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஜெசி சின்னமனூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். டீச்சருக்குச் சர்க்கரை; காலையும் சாயங்காலமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். போன வருடம் கரண்ட் கூடக்குறைய வந்து டீச்சர் வீட்டு பிரிட்ஜ் கருகிப் போனது. ஜெசி உடனே புதிது வாங்கித்தரக் கிளம்பினாள். அப்போது குறுக்கே விழுந்து தடுத்தவளே லத்திபாதான்.

"ஒத்த ஆளுக்கு எதுக்கு டீச்சர் ஒரு பிரிட்ஜு? அந்த ஒரு பாட்டிலுக்கா? என் வீட்டுக் கதவுல அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்படியாச்சும் நீங்க ரெண்டு நேரம் எங்க வீட்டுக்கு வருவீகள்ல."

அப்படித்தான் பழக்கம் ஆனது. டீச்சர் காலையில் வருவார், அடுப்படி ஸ்டூலில் உட்காருவார். ஒரு கண்ணில் புரை விழுந்திருந்ததால் ஊசியின் கோடுகள் அவருக்குத் தெரியாது. பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, தலைகீழாகப் பிடித்து, அளவு பார்த்து மருந்தை ஏற்றித் தருவது லத்திபாதான். வயிற்றில் போட்டுக்கொள்வதை மட்டும் டீச்சரே பார்த்துக்கொள்வார். பிறகு இருவருமாக ஊர்க்கதை பேசுவார்கள்.

பக்ரீத் அன்று வீட்டுக்கு வந்த கறி கொஞ்சநஞ்சமல்ல. தாங்கள் குர்பானி கொடுத்த ஆட்டில் வீட்டுக்கென்று ஒதுக்கிய பங்கு, சொந்தக்காரர்கள் கொடுத்துவிட்டது, போதாததற்குத் தெருக்கோடி வீட்டில் இடமில்லை என்று கொண்டுவந்து வைத்த இரண்டு பை. லத்திபா யாரையும் இல்லையென்று திருப்பி அனுப்புகிறவள் அல்ல. மேலே பிரீசர் நிறைந்து, தட்டுகள் நிறைந்து, கதவுப் பக்கத்து அறைகளிலும் பைகளைத் திணித்தாள். கதவு மூடவில்லை. தோளால் முட்டித் தள்ளி, திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். கறி கெட்டுவிடக்கூடாதே என்று உள்ளே இருக்கும் திருகைப் பிடித்துக் கடைசி எண் வரை, ஏழு வரை, ஒரே திருப்பாகத் திருப்பினாள். அப்போது டீச்சரின் பாட்டில் இடைஞ்சலாக இருந்தது. எடுத்து, பிரீசருக்கு நேர் கீழே இருக்கிற ஆழமில்லாத தட்டில் படுக்கப்போட்டாள். அதுதான் நல்ல குளிர்ச்சியான இடம் என்று நினைத்தாள். மருந்துக்கு மரியாதை செய்ததாகவே நினைத்தாள்.

கறி தீர்ந்தது. நாற்காலி இடத்துக்குப் போனது. திருகு மட்டும் அப்படியே இருந்தது; பாட்டிலையும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தட்டிலேயே வைத்துவந்தாள்.

அன்று காலை டீச்சர் வருவதற்கு முன்னால் பாட்டிலை எடுத்தபோது அது உள்ளங்கையைக் கடித்தது. வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே மருந்து ஆடவில்லை. கட்டியாக உறைந்திருந்தது.

லத்திபா அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் உருகிவிட்டது. உருட்டினாள். எப்போதும் பால் மாதிரி ஒரே சீராகக் கலங்கும். அன்று கண்ணாடியின் உட்பக்கத்தில் நொய் ஒட்டியது போலச் சிறு சிறு துகள்கள். மறுபடி உருட்டினாள். போகவில்லை. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"லத்திபா, என்னத்தா, உள்ள இருக்கியா?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். 'டீச்சர், மருந்து உறைஞ்சு போச்சு, இது வேணாம்' என்றால் முடிந்தது. ஆனால் அதோடு நாற்காலி முட்டுக்கொடுத்த கதையையும், ஜெசியைத் தடுத்த தன் வாயையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஐஸ்தானே, உருகிப்போச்சே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அளவு பார்த்து ஏற்றினாள். கொடுத்தாள். பாட்டிலைக் கதவு அறையில், பழைய இடத்தில் வைத்தாள்.

அதற்கடுத்த வாரம் டீச்சர் நடக்கும்போதே களைத்தார். நாக்கு ஒட்டுகிறது என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சோதித்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

"டாக்டரம்மா என்னைய எப்படிப் பாத்தாகன்ற? என்னம்மா, வீட்ல விசேஷமான்னு கேட்டாக," என்றார் டீச்சர், ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தபடி. "மானம் போச்சு. நான் எதுக்கு ஒளிக்கணும்? பக்கத்து வீட்டுப் பெருநாள் பிரியாணி ரெண்டு நாள் தின்னேன்னு சொல்லிட்டேன். ஊசி அளவக் கூட்டி எழுதிட்டாக."

"ரெண்டு கரண்டிதான டீச்சர் குடுத்தேன்," என்றாள் லத்திபா.

"நீ ரெண்டு கரண்டி குடுத்த. நான் சட்டியில மிச்சத்தையும் கேட்டு வாங்கித் தின்னேனே! நீ வெசனப்படாத ஆத்தா. தப்பு என் நாக்கு மேல. இனிமே உன் வீட்லருந்து எதையும் குடுத்துவிடாத, கோவிச்சுக்கிராத." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழமை கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது இதையும் பாவம்னு சொல்லிட்டேன். சாமியார் சிரிப்ப அடக்குனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாரு."

டீச்சரும் சிரித்தார். லத்திபா ஊசியின் கோடுகளை எண்ணுவது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு டீச்சர் காலையில் நான்கு இட்லி தின்ற இடத்தில் இரண்டு ஆக்கினார். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. அடுத்த சோதனைக்குப் பிறகு ஊசி அளவு இன்னும் ஒரு படி ஏறியது. ஏறிய அளவையும் லத்திபாவேதான் அந்தப் பாட்டிலில் இருந்து ஏற்றிக் கொடுத்தாள்.

ரியாசுதீன் ஒருவழியாக வந்து சேர்ந்தான். கம்பத்தில் பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சாரல் காற்றில் சட்டை பட்டம்போலப் பறக்க, பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"என்ன சாச்சி, கம்ப்ரசரு நோம்பு தொறக்காம ஓடிட்டு இருக்காம்?"

"வாடா, பெரிய மனுசா. வரச்சொல்லி எத்தன நாளாச்சு? கேஸு தீந்து போச்சோ என்னமோ."

"எடுத்த எடுப்புல கேஸுன்னு சொல்றவுகதான் மெக்கானிக்க வாழ வைக்கிறீக. மொதல்ல பாப்போம்." கதவைத் திறந்து டார்ச் அடித்தான். ஒரு நொடியில் விசிலடித்தான். "ஏழு! சாச்சி, இது யாரு வச்ச ஏழு?"

"நான்தான். பக்ரீத்துக்கு, கறி கெட்டுப்போகும்னு."

"பக்ரீத் போயி எத்தன நாளாச்சு? இதக் கூட்டி வச்சா வேகமாக் குளிராது சாச்சி. ஓடுற வேகம் ஒரே வேகந்தான். எப்ப நிக்கணும்னு சொல்றதுக்குத்தான் இந்தத் திருகு. ஏழுல வச்சா, ரொம்ப ரொம்பக் குளுந்தாத்தான் நிப்பேன்னு அதுக்கு ஒரு வைராக்கியம். அந்தக் குளிரு வரவிடாம நீங்க வேற ரெண்டு வேல பண்ணி வச்சிருக்கீக போல. இருங்க."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை இரு கையாலும் பிடித்து அசைத்து அசைத்து முன்னால் இழுத்தான். பின்பக்கத்தைப் பார்த்த லத்திபாவுக்கே கூச்சமாகப் போயிற்று. கறுப்புக் கம்பிகள் வளைந்து வளைந்து போக, அவற்றின் மேல் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. ஆனி மாதத்துக் காற்று கணவாயிலிருந்து இறங்கினால் அடுப்படி ஜன்னல் வழியாக மண்ணை அள்ளிக்கொண்டு வரும். அதோடு தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒட்டியிருந்தது.

"உள்ள இருக்க சூட்ட உறிஞ்சி, இந்தக் கம்பி வழியாத்தான் வெளிய விடணும். மூக்கு மேல தலகாணிய வச்சு அமுக்குன மாதிரி வச்சிருக்கீக. போதாதுக்குச் சொவத்தோட ஒட்டி. நாலு வெரக்கட எடம் விடுங்க, காத்துப் போகட்டும்." பிரஷை எடுத்துத் தேய்த்தான். தூசி சுருள் சுருளாக விழுந்தது. அவன் இரண்டு தடவை தும்மினான். "அல்ஹம்துலில்லா. இதுல ஒரு போர்வையே தைக்கலாம்."

துடைத்து முடித்துவிட்டு, பழைய பேப்பர் துண்டு ஒன்றைக் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து மூடினான். இழுத்தான். மேல்பக்கம் பேப்பர் இறுகிப் பிடித்து நின்றது. கைப்பிடிக்குக் கீழே, கதவின் பாதியில் வைத்து இழுத்தபோது வெண்ணெயிலிருந்து வருவதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது.

"கதவு ரப்பரு மடங்கிப் போச்சு. திணிச்சு மூடுனீகளா?"

"நாற்காலி முட்டுக் குடுத்தேன்," என்றாள் லத்திபா.

ரியாஸ் அவளைப் பார்த்தான், நெஞ்சில் கைவைத்தான். "நல்லா இருங்க. அந்தச் சந்து வழியா வெளிக்காத்து போயிக்கிட்டே இருக்கு. அந்த ஈரந்தான் பிரீசரச் சுத்தி இம்புட்டு ஐஸா கட்டிருக்கு. ஐஸு மொத்தமானா குளிரு கீழ எறங்காது. பாருங்க, கீழ உள்ள தக்காளி வேர்த்து அழுகுது. மேல கைய வச்சா வெரலு போயிரும்." பிரீசருக்குக் கீழே இருந்த தட்டைத் தட்டிக் காட்டினான். "கம்ப்ரசரு நிக்காம ஓடுனா இங்கனதான் அம்புட்டுக் குளிரும் விழுகும். இங்கன தண்ணி பாட்டில வச்சாக் கூட வெடிச்சுப்போகும். கறிப் பையி இருக்கிற வரைக்கும் தாங்கும், காலியானதும் பாறைதான். முட்ட, தயிரு, மருந்து கிருந்து எதையும் இதுல வச்சிராதீக."

லத்திபா தட்டின் ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "மருந்து வச்சா என்னடா? உருகுனா பழையபடி ஆயிராதா?"

"அது மெடிக்கல்ல கேக்க வேண்டியது. எனக்கு இரும்புக்குத்தான் வைத்தியம் தெரியும்."

அவன் வெந்நீரில் துணி நனைத்து, மடங்கிய ரப்பரின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்து, இளகியதும் விரலால் இழுத்து நிமிர்த்திவிட்டான். மறுபடி பேப்பர் வைத்து இழுத்தான். இப்போது கிழிகிற மாதிரி பிடித்தது. ஐஸ் முழுதாக உருகும்வரை கதவைத் திறந்துபோட்டு, வழிந்த தண்ணீரைத் துடைக்கச் சொல்லி, அதுவரை இரண்டு டீ குடித்தான். டீச்சரின் பாட்டிலை லத்திபா ஈரத்துணி சுற்றி மண்பானைப் பக்கத்தில் வைத்திருந்தாள். திருகை மூன்றில் வைத்து, பிளக்கைச் சொருகினான்.

"இனி இதத் தொடாதீக. வெறும் பெட்டி குளிர கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். சாயங்காலத்துக்குள்ள நின்னுச்சுன்னா உங்க கம்ப்ரசருக்கு ஆயுசு கெட்டி. நிக்கலன்னா போனப் போடுங்க."

சாயங்காலத்து அசர் தொழுகை முடிந்து உசேன் வந்து சேர்ந்த நேரத்தில் அது டக்கென்று நின்றது. "என்ன, கரண்ட் போச்சா?" என்றார் அவர்.

"சரியாயிருச்சுங்க," என்றாள் லத்திபா.

சாயங்கால ஊசியைப் போட்டுக்கொண்டு டீச்சர் போனதும், பர்தாவை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெடிக்கலுக்குப் போனாள். தெரிந்த மெடிக்கலுக்குப் போகவில்லை. போனில் எடுத்திருந்த பாட்டிலின் படத்தைக் காட்டி, யாரோ ஒரு சொந்தக்காரிக்குக் கேட்பதுபோல, உறைந்துபோனால் போடலாமா என்று கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் போனைத் திருப்பித் தந்தார்.

"ஒரு தடவ உறைஞ்சாலே குப்பைலதாம்மா. உருகுனாலும் அதுல வேல இருக்காது. போட்டும் போடாத மாதிரிதான். யாராச்சும் போட்டாங்களா?"

"இல்ல. போடல," என்றாள் லத்திபா. "அதே மருந்து ஒன்னு குடுங்க."

வரும் வழியெல்லாம், வீட்டுக்குப் போனதும் நேரே டீச்சர் வீட்டுப் படியேறிச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். என்ன சொல்லலாம் என்று வரிசைப்படுத்திக்கூட வைத்திருந்தாள். தெருமுனை திரும்பினால் டீச்சர் வாசலில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டு வார, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு? நீயாச்சும் நேரத்துக்குச் சாப்பிடு ஆத்தா. நீ இல்லன்னா என் கதி என்ன? அன்னைக்கு ஜெசிகிட்டக் கூடச் சொன்னேன், நான் பெத்தது நீ ஒன்னு, கர்த்தர் குடுத்தது லத்திபா இன்னொன்னுன்னு."

வரிசைப்படுத்திய சொற்கள் அத்தனையும் கலைந்துபோயின. லத்திபா சிரித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்துகொண்டாள்.

அடுப்படிக் கதவைச் சாத்தினாள். பழைய பாட்டிலின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. திறந்த தேதியை டீச்சர் பேனாவால் அதில் எழுதி வைத்திருப்பார். பாதிக் கண்ணிலும் கரும்பலகை எழுத்து, கோணாமல். லத்திபா நகத்தால் மெல்லப் பிளாஸ்திரியை உரித்தாள். புதிய பாட்டிலின் மூடியைக் கழற்றிப்போட்டு, பாட்டிலின் மேல் அதை அப்படியே ஒட்டினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதியது நிறைய இருந்தது. பழையதில் பாதிக்கும் கீழே. டீச்சர் தினமும் வெளிச்சத்தில் பிடித்து, அடுத்த பாட்டில் வாங்க எப்போது ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று பார்ப்பவர். ஊசியால் புதியதிலிருந்து உறிஞ்சி உறிஞ்சி, கழுவுதொட்டியில் பீய்ச்சினாள். நல்ல மருந்து வெள்ளையாகச் சல்லடைக்குள் இறங்கிப் போனது. இரண்டு மட்டமும் ஒன்றானதும் குழாயைத் திறந்துவிட்டாள். பழைய பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் ஆழமாக அமுக்கினாள்.

பரிகாரம் செய்து முடித்த மாதிரி ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது. அந்த நிம்மதியே அவளை ஏமாற்றிவிட்டது.

மறுநாள் காலை டீச்சர் வழக்கம்போல வந்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். லத்திபா உருட்டினாள், ஒரு துகள் இல்லை, பால்போலக் கலங்கியது. இரண்டு தடவை கூட்டி எழுதிய அளவை ஏற்றினாள். கூடுதலாக இருக்கிறதே என்று ஒரு கணம் கை தயங்கியது. டாக்டர் எழுதியதுதானே, நல்ல மருந்துதானே, இத்தனை நாள் ஏறிக் கிடந்த சர்க்கரை சீக்கிரம் இறங்கட்டுமே என்று கொடுத்துவிட்டாள். வேலை செய்யாத மருந்துக்காகக் கூட்டிய அளவு அது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

மதியத்து லுஹர் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் விழுந்தால் டீச்சரின் திட்டும் கூடவே கேட்கும். கேட்கவில்லை. லத்திபா ஓடினாள்.

டீச்சர் அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சேலை நனைந்து உடம்போடு ஒட்டும்படி வேர்த்திருந்தது. கை நடுங்கியது.

"டீச்சர்! என்ன செய்யுது?"

"ஜெசி, மணி அடிச்சாச்சா?" என்றார் டீச்சர், எங்கோ பார்த்துக்கொண்டு. "பிள்ளைகள வரிசையா நிக்கச் சொல்லு."

சர்க்கரை டப்பா இருக்கும் இடம் லத்திபாவின் கைக்குத் தெரிந்தது. டம்ளரில் கை நிறைய அள்ளிப்போட்டுக் கலக்கி, டீச்சரின் தலையை நிமிர்த்திப் பிடித்தாள். "குடிங்க டீச்சர். முழுங்குங்க. முழுங்குறீகளா? கொஞ்சமாக் கொஞ்சமா." டீச்சர் விழுங்கினார். பாதி கழுத்தில் வழிந்தது. இன்னொரு டம்ளர். சிறிது நேரத்தில் கண் நிலைக்கு வந்து, டீச்சர் அவளைப் பார்த்தார்.

"என்னத்தா, எதுக்கு அழுகுற?"

உசேன் ஆட்டோவோடு வந்தார். கிளம்பும்போது டீச்சரே சொன்னார்: "மருந்து பாட்டில எடுத்துக்க. டாக்டரம்மா கேப்பாக."

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். அத்தனை சர்க்கரைத் தண்ணீர் குடித்தும் அறுபதைத் தாண்டவில்லை. கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இளவயது டாக்டரம்மா கட்டிலருகே நின்று பழைய சீட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"முந்நூறு இருந்தவங்களுக்குத் திடீர்னு எப்படி இவ்வளவு எறங்குது? சாப்பாட்டக் கொறச்சீங்களா?"

"ரெண்டு இட்லிதான் சாப்பிடுறேன். ஆனா ஒரு வாரமாவே அப்படித்தானே."

"மருந்து மாத்துனீங்களா? புது பாட்டிலா?"

"இல்ல டாக்டர். அதே பாட்டில்தான்." டீச்சர் லத்திபாவிடமிருந்து அதை வாங்கி நீட்டினார். "இந்தாங்க, நான் தேதி எழுதி ஒட்டுன பிளாஸ்திரி. லத்திபா வீட்டு பிரிட்ஜுலதான் இருக்கு. சொந்த வீட்ல வச்சாக் கூட இப்படிப் பத்திரமா இருக்காது."

டாக்டரம்மா தேதியைப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "அப்படின்னா கிட்னியையும் பாத்துரணும். கிட்னி வீக்கானாலும் போட்ட மருந்து வெளிய போகாம உடம்புலயே தங்கி, இப்படித் திடீர்னு எறக்கிவிடும். ரத்தம் எடுக்கச் சொல்றேன். தேவைப்பட்டா தேனிக்கு எழுதித் தரேன்."

லத்திபா டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ஆண்டனி ராஜ் சார் போனதும் கிட்னியில்தான். வாரம் இரண்டு தடவை அவரைத் தேனிக்குக் கூட்டிப்போய், டயாலிசிஸ் மெஷினில் படுக்க வைத்து, வராந்தாவில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த டீச்சரை அவளும் கூடப் போய்ப் பார்த்திருக்கிறாள். இப்போது டீச்சரின் விரல்கள் போர்வை நுனியில் மணி உருட்டத் தொடங்கியிருந்தன.

"டாக்டரம்மா," என்றாள் லத்திபா. "கிட்னி இல்ல."

இருவரும் திரும்பினார்கள்.

"அது பழைய பாட்டில் இல்ல. புதுசு. பிளாஸ்திரிய நான்தான் உரிச்சு ஒட்டுனேன்." அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. திருகு, நாற்காலி, பிரீசருக்குக் கீழே உள்ள தட்டு, கட்டியாக உறைந்தது, உருகவைத்தது, தினமும் தெரிந்தே ஏற்றிக் கொடுத்தது, தொட்டியில் பீய்ச்சியது எல்லாமும் முன்னுக்குப் பின்னாக வந்து விழுந்தன. உசேன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இதெல்லாம் இப்போதுதான் தெரியும்.

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை எடுத்துச் சீட்டில் அளவை அடித்து, பழைய அளவை எழுதினார். "இதச் சொல்லாம இருந்து, நைட்டும் அதே அளவப் போட்டிருந்தா, தூக்கத்துலயே போயிருப்பாங்க. தெரியுமா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டீச்சர் குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றாள் லத்திபா.

"நான் சாமியார்கிட்டப் போயி முட்டி போட்டு," என்றார் டீச்சர் நிதானமாக, "பிரியாணி தின்னது பாவம்னு சொல்லிட்டு வந்தேன் லத்திபா. அதுக்கு ஒரு ஜெபமாலையும் சொன்னேன். நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"கேட்டேன்."

"ரெண்டு இட்லிய வச்சிக்கிட்டு நான் பசியோட கெடந்ததையும் பாத்த."

"பாத்தேன் டீச்சர்."

"சரி. போ. வீட்டுக்குப் போ. ஜெசி வந்துருவா."

போகச் சொன்னபோதும் அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் லத்திபாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போது உசேன், "எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

ஜெசி வந்து டீச்சரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அம்மாவைச் சின்னமனூருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். டீச்சர் போகவில்லை. அப்படியானால் புது பிரிட்ஜ் வாங்கி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, லத்திபா வீட்டுப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறினாள். அது வந்து சேர நாலைந்து நாள் ஆகும். அதுவரை மருந்தை எங்கே வைப்பது என்று யாரும் லத்திபாவிடம் கேட்கவில்லை. அவளும் என் வீட்டில் வையுங்கள் என்று சொல்லும் தகுதியைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

டீச்சர் உள்ளே வந்தார். கையில் ஆஸ்பத்திரி பாட்டில், அதன் மேல் புதிய பிளாஸ்திரி, புதிய தேதி. ஸ்டூலில் உட்காரவில்லை. நேரே பிரிட்ஜைத் திறந்து, நல்ல கண்ணைத் திருகின் பக்கமாகக் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தார்.

"மூணுலதான இருக்கு?"

"மூணுலதான் டீச்சர்."

டீச்சர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. எண்ணின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பாட்டிலை நடுத்தட்டில், கண்ணுக்கு நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்தினார். கதவை மூடி, இழுத்துப் பார்த்தார். ரப்பர் பிடித்து நின்றது. பிறகு பாட்டிலை மறுபடி வெளியே எடுத்து, ஊசியோடு லத்திபாவிடம் நீட்டினார். "ஏத்து. எம்புட்டுன்னு வாய்விட்டுச் சொல்லி ஏத்து."

லத்திபா உருட்டினாள், வெளிச்சத்தில் காட்டினாள், அளவை வாய்விட்டுச் சொன்னாள். டீச்சர் சேலையை விலக்கி ஊசி போட்டுக்கொண்டார். ஊர்க்கதை பேசவில்லை. பாட்டிலைத் தானே உள்ளே வைத்தார். கிளம்பும்போது இன்னொரு முறை குனிந்து திருகைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

லத்திபா, திறந்தபடியே கிடந்த பிரிட்ஜ் கதவருகே நின்றிருந்தாள். குளிர்காற்று காலில் பட்டது. ரியாஸ் சொன்னது நினைவுக்கு வந்து, அவசரமாகக் கதவை மூடினாள். மூடிய பிறகு, அவளும் ஒரு தடவை திறந்து, திருகு எதில் இருக்கிறது என்று பார்த்தாள்.